சங்கத் தலைவராக முதல் பொதுக்குழு: மைக்கைப் பிடித்ததும் என்ன சொல்வது?

வாசகர் கடிதம்

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில் ஒரு காலனியில் குடியிருக்கிறோம். 64 வீடுகள். பாதிக்கு மேல் மலையாளிகள், மீதி எங்களைப் போலத் தமிழ்க்காரர்கள். நான் வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். போன மாதம் நடந்த தேர்தலில் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் என்னைக் குடியிருப்போர் சங்கத் தலைவராக்கிவிட்டார்கள். தோற்றவர் ஆறு வருஷம் தலைவராக இருந்த ரிட்டயர்டு வாத்தியார், எல்லோருக்கும் அவர் மாஷ்.

வரும் ஞாயிறு ஆண்டுப் பொதுக்குழு. வரவேற்பு முடிந்ததும் அத்யக்ஷப் பிரசங்கம் என்கிற தலைமையுரை என்னுடையது. அதற்கு அப்புறம்தான் பழைய கமிட்டியின் அறிக்கையும் கணக்கும். படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் விரிவாகச் சொல் என்கிறார் என் வீட்டுக்காரர். போர்வெல் மோட்டாருக்கு ஐந்து மாதத்தில் இரண்டு தடவை ரீவைண்டிங் பில் போட்டிருக்கிறார்கள், அந்த ஊழலை முதல் பேச்சிலேயே உடையுங்கள் என்கிறார்கள் எனக்கு ஓட்டுப் போட்டவர்கள். மாதச் சந்தாவை 500லிருந்து 400 ஆகக் குறைக்கிறேன் என்று அறிவிக்க எனக்கு ஆசை. மாதச் செலவு சுமார் 26,000 ஆகிறது. பாக்கி வைத்திருக்கும் 11 வீடுகளின் பெயரையும் வாசிக்கலாம் என்றிருக்கிறேன். மலையாளம் பேசுவேன், படிக்க வராது. இது தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிதானே, தமிழில் பேசவும் மினிட்ஸைத் தமிழில் எழுதவும் எனக்கு உரிமை உண்டல்லவா? என்னை எப்படி அறிமுகம் செய்துகொள்வது?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு நிமிஷம் பேசுங்கள், அது போதும். அந்த நான்கு நிமிஷத்தில் ஊழலும் வேண்டாம், சந்தாக் குறைப்பும் வேண்டாம், 11 வீட்டுப் பட்டியலும் வேண்டாம். பயந்து ஒதுங்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த மூன்றுமே பேசவேண்டிய விஷயங்கள்தான். ஆனால் மூன்றுக்கும் அந்தக் கூட்டத்திலேயே வேறு இடம் இருக்கிறது, இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் இருக்கிறது. உங்கள் அறிமுகத்துக்குள் கொண்டுவந்தால் மூன்றும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

காரணம் நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கிறது. அன்றைக்கு உங்களுக்கு வேலை இரண்டு. ஒன்று, புதுத் தலைவர் என்று முகம் காட்டுவது. இன்னொன்று, அந்தக் கூட்டத்துக்கே தலைமை வகிப்பது. உங்கள் பேச்சு முடிந்த பத்தாவது நிமிஷம் பழைய செயலாளர் எழுந்து கணக்கு வாசிப்பார். யார் கேள்வி கேட்கலாம், யார் பதில் சொல்லவேண்டும், எப்போது ஓட்டுக்கு விடுவது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள். சமமாக வந்தால் தலைவர் தன் ஓட்டைப் போட்டு முடிவு செய்யலாம் என்று பல சங்க பைலாக்களில் இருக்கும். கணக்கு வாசிப்பதற்கு முன்பே ‘ஊழல்’ என்று சொல்லிவிட்ட ஒருவர் அந்தக் கணக்குக்கு நடுநிலையாகத் தலைமை வகிக்கிறார் என்று மாஷுக்கு ஓட்டுப் போட்டவர்கள் எப்படி நம்புவார்கள்? மூன்று ஓட்டில் ஜெயித்திருக்கிறீர்கள், கிட்டத்தட்ட பாதிக் காலனி அவர் பக்கம். யாராவது ஒருவர் எழுந்து, ‘சேச்சி இந்த விஷயத்தில் அத்யக்ஷ ஸ்தானத்தில் இருக்கக்கூடாது’ என்று சொன்னால், அது நியாயமான ஆட்சேபணையாகிவிடும்.

மோட்டார் பில் பற்றி

சட்டப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆதாரம் இல்லாமல் ஒருவரைப் பண மோசடிக்காரர் என்று கூட்டத்தில் சொல்வது அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு வாயால் சொன்ன சொல்லுக்கும் பொருந்தும். இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்று தண்டனை. நல்லெண்ணத்தோடு பொதுநலனுக்காகச் சொன்னேன் என்ற விதிவிலக்கு உண்டு. ஆனால் நல்லெண்ணம் என்றால் விசாரித்துப் பார்த்திருக்கவேண்டும். நீங்கள் இன்னும் பில்லையே கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. கூட்டத்தில் நாலு பேர் போனில் பதிவு செய்துகொண்டும் இருப்பார்கள்.

இரண்டு ரீவைண்டிங் என்றாலே ஊழல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் வைண்டிங் கருகும். வோல்டேஜ் குறைந்தாலும் கருகும். காரணத்தைச் சரிசெய்யாமல் காயிலை மட்டும் மாற்றினால் மூன்று நான்கு மாதத்தில் மறுபடி கருகுவது சாதாரணமாக நடப்பதுதான். பேனலில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைத் தானாக நிறுத்தும் டிரை ரன் பிரிவென்டர் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பொய் பில் என்றால் அதற்கும் தடயம் இருக்கும். மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோனால் குறைந்தது ஓரிரு நாளாவது தண்ணீர் நின்றிருக்கும். அந்தத் தேதிகளில் காலனியில் தண்ணீர் வராமல் இருந்ததா? டேங்கர் லாரிக்குப் பணம் கொடுத்த வவுச்சர் இருக்கிறதா? பம்பு மீட்டரின் கரண்ட் பில்லில் யூனிட் குறைந்திருக்கிறதா? இரண்டு பில்லிலும் ஒரே குதிரைத்திறனும் ஒரே மோட்டார் நம்பரும் இருக்கின்றனவா? கணக்கு எழுதுபவர் நீங்கள், இதையெல்லாம் உங்களைவிட ஒழுங்காக யாரும் பார்க்கமாட்டார்கள்.

கணக்கு வாசிக்கும் நேரம் வரும்போது ஒரு உறுப்பினர் கேள்வி கேட்கட்டும். தலைவராக நீங்கள் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: ‘மோட்டார் ரிப்பேர் வவுச்சர்களை உறுப்பினர்கள் பார்க்க விரும்புகிறார்கள். மூன்று பேர் கொண்ட குழு பார்த்து, அடுத்த கூட்டத்தில் எழுத்தில் சொல்லட்டும்.’ மூன்றில் ஒருவர் மாஷ் சொல்லும் ஆளாக இருக்கட்டும். மோட்டார் செலவை மட்டும் ஏற்காமல் நிறுத்திவைத்து, மீதிக் கணக்கை ஏற்கலாம். தீர்மானத்தில் அப்படியே எழுதவும் செய்யலாம்.

சந்தாவைக் குறைக்க உங்களால் முடியுமா?

இங்கேதான் உங்கள் எண்ணத்தைத் திருத்தவேண்டியிருக்கிறது. சங்கத் தலைவர் பதவி அறிவிப்பு வெளியிடும் பதவி இல்லை. சந்தாத் தொகை பைலாவில் எழுதியிருந்தால் பைலா திருத்தம் வேண்டும். பொதுக்குழு தீர்மானிக்கும் என்றிருந்தால், அந்த விஷயம் நோட்டீஸில் நிகழ்ச்சி நிரலாகப் போயிருக்கவேண்டும். நோட்டீஸில் இல்லாததை மேடையில் அறிவித்துக் கைதட்டல் வாங்கினால், அது தீர்மானம் ஆகாது. அதே சமயம் மினிட்ஸில் ‘அத்யக்ஷர் சந்தா 400 என்று அறிவித்தார்’ என்று ஏறிவிடும். அடுத்த மாதம் ரசீது புத்தகத்தோடு போகும் பையனிடம் நாற்பது வீட்டுக்காரர்கள் நானூறுதான் தருவார்கள். மறுபடி ஐந்நூறு கேட்க எந்த முகத்தோடு போவது?

கணக்கையும் போட்டுப் பாருங்கள். இப்போது ஒழுங்காகக் கட்டுவது 53 வீடுகள். ஐந்நூறு வீதம் 26,500 ரூபாய். செலவு 26,000. மாதம் ஐந்நூறுதான் மிச்சம். நானூறு ஆக்கினால் வசூல் 21,200, மாதம் 4,800 பள்ளம். பாக்கிக்காரர்கள் 11 பேரும் நாளையே திருந்திக் கட்டினாலும் 64 வீட்டுக்கு 25,600தான், அப்போதும் 400 குறைகிறது. வாட்ச்மேன் சம்பளத்தைக் குறைக்கப்போகிறீர்களா, லைட்டை அணைக்கப்போகிறீர்களா? முதலில் பாக்கியை வசூலியுங்கள், ஆறு மாதம் செலவைக் கவனியுங்கள், அப்புறம் குறைக்க இடமிருந்தால் நோட்டீஸில் போட்டு முறையாகக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. வங்கியில் கையெழுத்து மாறும் வரை செக்கில் கையெழுத்துப் போடுவது பழையவர்கள்தான். தேர்தல் முடிந்ததும் தானாக மாறிவிடாது. புது நிர்வாகிகள் யார், யார் யார் சேர்ந்து கையெழுத்திடுவது என்ற தீர்மானத்தின் நகலையும் உங்கள் அடையாள ஆவணங்களையும் வங்கி வாங்கிக்கொண்ட பிறகுதான் மாறும். அதனால் ‘அடுத்த வாரமே மோட்டாரை மாற்றுகிறேன்’ போன்ற வாக்கும் வேண்டாம். ஒன்றாம் தேதி வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்கக்கூட இந்த மாதம் மாஷின் கையெழுத்து உங்களுக்குத் தேவைப்படலாம். மேடையில் அவரைத் திட்டிவிட்டு மறுநாள் செக் புத்தகத்தோடு அவர் வீட்டுப் படி ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

பாக்கி வைத்த 11 வீடுகள்

பாலக்காட்டின் உங்கள் பகுதி பழைய மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அதனால் உங்கள் சங்கம் பெரும்பாலும் 1860ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கும். கொச்சி ராஜ்யத்தில் இருந்த சித்தூர்ப் பக்கம் என்றால் 1955ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கே சட்டம் வேறு, ஆகவே பதிவுச் சான்றிதழில் எது அச்சாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1860 சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவர் ஓட்டுப் போட முடியாது, உறுப்பினர் கணக்கிலும் வரமாட்டார்.

இதைப் படித்ததும் பட்டியலை வாசிக்கும் ஆசை கூடலாம். பொறுங்கள். போன மாதத் தேர்தலில் அந்த 11 வீட்டுக்காரர்களில் யாராவது ஓட்டுப் போட்டார்களா? வித்தியாசமே மூன்றுதான். நீங்களே மேடையில் அந்தப் பெயர்களை வாசித்தால், ‘அப்படியானால் சேச்சிக்கு விழுந்த ஓட்டில் எத்தனை செல்லும்?’ என்று கேள்வி வரும். தேர்தலைப் பற்றி யாராவது ஆட்சேபணை எழுப்பினால், எழுத்தில் தரச்சொல்லி வாங்குங்கள். அந்த விஷயம் விவாதத்துக்கு வரும்போது நாற்காலியைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி உட்காருங்கள். உங்கள் தேர்தலுக்கு நீங்களே தீர்ப்புச் சொல்லக்கூடாது. பாக்கிக்காரர்களுக்கு வீட்டுக்கு வீடு தொகையும் மாதமும் எழுதிய கடிதம் போதும். அவர்களில் பூட்டிய வீடுகளும் இருக்கலாம், வளைகுடாவில் இருப்பவர்கள் வீடும் இருக்கலாம், மாடியில் ஆஸ்பத்திரிச் செலவில் தவிப்பவரும் இருக்கலாம்.

எந்த மொழியில்?

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். அது உங்களுக்கும் அரசுக்கும் இடையிலான உரிமை. உங்கள் சங்கம் அரசு அலுவலகம் இல்லை. மினிட்ஸ் எந்த மொழியில் என்பதைப் பைலாவும், பைலாவில் இல்லாவிட்டால் சங்கத்தின் முடிவும்தான் தீர்மானிக்கும். ஆகவே முதல் கூட்டத்தில் மொழியை உரிமைப் பிரச்சினையாக எழுப்பாதீர்கள்.

அதற்காகத் தமிழை மறைக்கவும் வேண்டாம். முதல் மூன்று வாக்கியம் மலையாளத்தில், மீதி தமிழில், முடிவில் செயலாளர் மலையாளத்தில் இரண்டு வரி சுருக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக்காரர்களுக்குத் தமிழ் புரியாமல் இல்லை. நீங்கள் மலையாளத்தில் தொடங்கியதைத்தான் அவர்கள் கவனிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய மினிட்ஸில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். செயலாளரை வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் நம்பும் இன்னொருவரும் கூட இருந்து கேட்கட்டும். பக்கத்துக்கு நம்பர் இருக்கவேண்டும், கடைசி வரிக்குக் கீழே மீதி இடத்தைக் கோடு போட்டு அடித்துவிடவேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து. இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த நான்கு நிமிஷம்

பி.காம்., வாங்கிய பரிசு, வேலை பார்த்த கம்பெனி எல்லாம் வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தேவை: இவர் எந்த வீடு, சங்கத்துக்கு உதவும் எந்த வேலை தெரியும், எப்போது எப்படிப் பிடிக்கலாம், அடுத்த கூட்டத்துக்குள் என்ன செய்வார். கணக்கு எழுதுபவர் என்பது மட்டும் நிச்சயம் சொல்லவேண்டியது, ஏனென்றால் அது இந்தப் பதவிக்கு நேராக உதவுவது. மாதிரிக்கு எழுதிப் பார்த்தேன்:

> எல்லாவர்க்கும் நமஸ்காரம். ஞான் 17ஆம் நம்பர் வீட்டில் தாமசிக்குன்னு. எந்தெங்கிலும் தெற்று பறஞ்ஞால் க்ஷமிக்கணம்.
>
> மீதியைத் தமிழில் சொல்கிறேன், செயலாளர் மலையாளத்தில் சுருக்கிச் சொல்வார். நான் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். ஆறு வருஷம் சங்கத்தை நடத்திய மாஷுக்கும் கமிட்டிக்கும் நன்றி. எனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சங்கம் ஒன்றுதான்.
>
> சந்தா, பெரிய செலவு, விதி மாற்றம் எதையும் நானாக முடிவு செய்யமாட்டேன், அது உங்கள் தீர்மானம். நான் செய்யப்போவது மூன்று. மாதம் பத்தாம் தேதிக்குள் முந்தின மாத வரவு செலவு நோட்டீஸ் போர்டில் இருக்கும். தண்ணீர் மோட்டாரை ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்து எழுதித் தந்ததை அடுத்த கூட்டத்தில் வைப்பேன். வார நாட்களில் மாலை ஆறு முதல் ஏழு வரை புகாருக்கு என்னைக் கூப்பிடலாம். தண்ணீர், கரண்ட் என்றால் எந்த நேரமும்.
>
> இனி அறிக்கையும் கணக்கும். கேள்வி கேட்பவர்கள் கை தூக்கி, வீட்டு நம்பர் சொல்லிக் கேளுங்கள். எல்லோருக்கும் வாய்ப்புத் தருகிறேன்.

மாஷுக்கு நன்றி சொல்லும் வரியை உங்கள் ஆட்கள் எதிர்ப்பார்கள். எடுக்காதீர்கள். அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை, ஆறு வருஷம் நடத்தியது உண்மை. கணக்குக் கேள்விகளை அது தடுக்கவும் இல்லை. மோட்டாரைப் பற்றிய வாக்கும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் விஷயம் அறிக்கையில் வருமென்று எல்லோருக்கும் புரியும். கடைசி வரி முக்கியம், கூட்டம் உங்கள் கைக்கு வருவது அந்த வரியில்தான்.

பேச்சைத் தொடங்கும் முன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணி, பைலா சொல்லும் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இருக்கிறதா என்று பாருங்கள். கோரம் இல்லாமல் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அன்றைய தீர்மானம் நிற்காது. ஒத்திவைக்க வேண்டுமென்றால் அதற்கான முறையும் பைலாவிலேயே இருக்கும்.

சனிக்கிழமைக்குள்

மாஷ் வீட்டுக்கு நீங்களே போங்கள், உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பற்றி இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று அந்த நன்றி வரியைச் சொல்லுங்கள். பொறுப்பு ஒப்படைக்க ஒரு தேதி கேளுங்கள். மினிட்ஸ் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ரொக்கப் புத்தகம், எழுதியதும் எழுதாததுமான ரசீது புத்தகங்கள், பாஸ்புக், செக் புத்தகம், பதிவுச் சான்றிதழ், பைலா, பம்பு கரண்ட் இணைப்பின் கன்ஸ்யூமர் நம்பர், சாவிகள் இவற்றைப் பட்டியலாக இரண்டு பிரதி எழுதி, வாங்கும்போது இருவரும் கையெழுத்திடுங்கள். எழுதாத ரசீது புத்தகத்தின் நம்பரை மறந்துவிடாதீர்கள், பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் அதில்தான். அவர் கொடுக்க மறுத்தால் சண்டை வேண்டாம், பட்டியலோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அது பலிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், அடுத்தது பார்க்கலாம்.

கூட்டம் முடிந்த 14 நாட்களுக்குள் புது நிர்வாகிகளின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைப் பாலக்காடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். 1860 சட்டத்தின் 4ஆம் பிரிவு அது. செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், கொடுத்ததற்கான ரசீதை நீங்களே வாங்கி ஃபைலில் வையுங்கள்.